முதலாவதுக்கு ஐந்தாவது சொன்ன பதில்

இராக்கடமை முடிந்து இராசமலர் ஆண்கள் வார்ட்டை விட்டு வெளியே வந்தபோது துறைமுகத்தின் மேல் வெயில் ஏறிவிட்டிருந்தது. கண்ணுக்குள் மணல் கிடப்பது போல உறுத்தியது. கட்டிலுக்குப் போக வழியில்லை. முகம் கழுவிச் சீருடை மாற்றிக்கொண்டு இதே வார்ட்டுக்குத் திரும்பி வரவேண்டும், இந்த முறை சோதனைக்கு நிற்கும் தாதி மாணவியாக.

சோதனை சின்னதுதான். ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று, மூளையிலிருந்து நேராகப் புறப்படும் பன்னிரண்டு மண்டை நரம்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து முடிக்க வேண்டும். கால் மணி நேரம். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒழுங்காகப் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுகிற தாதி எதையாவது விட்டுவிடுவாள் என்பது பாடம் எடுக்கும் கமலாதேவி மிஸ்ஸின் வாதம். போன மாதம் இராசமலர் அப்படித்தான் தவறினாள். அன்றும் இராக்கடமை முடித்துத்தான் வந்திருந்தாள். ஒன்பதாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் இடையில் எங்கோ தலை வெறுமையாகிவிட்டது. ஏழாவதுக்குத் திரும்பிப் போய் நின்றாள். மணி அடித்துவிட்டது.

இன்று சித்தியடைந்தால் லீவு. மதியம் மூதூருக்குப் போகும் லோஞ்ச், பயணிகள் படகு, இருந்தது. கடலும் கடற்படைக் காவலும் வழி விட்ட நாட்களில்தான் அது ஓடும், இந்தக் கிழமையில் இன்றைக்கு மட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து வெருகலுக்குப் போய்ச் சேர்ந்தால் அம்மாவின் வீட்டில், ஆற்றுக் காற்று வரும் அறையில், யாரும் எழுப்பாத ஒரு நித்திரை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் அந்த மாசியில் அவளுக்கு உலகத்திலிருந்து வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சித்தியடையாவிட்டால் லீவு இல்லை. அடுத்த தடவை வரும்வரை வார்ட்டும் ஹொஸ்டலும் இந்தக் கண்ணெரிவும்தான்.

ஹொஸ்டல் விறாந்தையில் சீலா தேத்தண்ணியோடு நின்றாள். சீலா போன மாதமே சித்தியடைந்தவள். பெட்டி கட்டியிருந்தாள்.

"முகத்தைப் பார். ஐசில வைச்ச மீன் மாதிரி."

"தேத்தண்ணியைத் தா. கதைக்க ஏலாது."

"கதைக்கத்தான் வேணும். சொல்லு பாப்பம்."

இராசமலர் சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டு சொன்னாள். "ஓடி ஓடி ஓய்ந்த தங்கம் தூங்குது, அக்கா பாய் விரிச்சு, கதவை வடிவா அடைச்சா ஹொஸ்டலிலே."

அது சீலா கட்டியது. கிணற்றடியில் வாளிக்குக் காத்து நின்ற ஒரு பின்னேரம், ஆங்கிலத்தில் சீனியர்கள் சொல்லித் தந்த வாக்கியம் இராசமலருக்கு மனதில் நிற்கவில்லை என்று கண்டு, தமிழில் செய்து கொடுத்தாள். பன்னிரண்டு சொல்லுக்குப் பன்னிரண்டு நரம்பு. முதல் மூன்று 'ஓ'வும் மணம், பார்வை, கண்ணசைவு. ஒல்ஃபக்டரி, ஒப்டிக், ஒக்கியூலோமோட்டர். 'தங்கம்' ட்ரொக்லியர், 'தூங்குது' ட்ரைஜெமினல், 'அக்கா' அப்டியூசென்ஸ், 'பாய்' முகத்தை அசைக்கும் ஃபேஷியல். 'விரிச்சு' காதுக்கு. 'கதவை'யும் 'வடிவா'வும் தொண்டைக்கு. 'அடைச்சா' தோளுக்கு. 'ஹொஸ்டல்' நாக்குக்கு.

"தூங்குது எண்டு வாற இடத்தில நித்திரை கொண்டிடாதை," என்றாள் சீலா. "ஆரைத் தந்திருக்கிறா மிஸ்?"

"இக்னேசியஸ் அண்ணையை."

"பிறகென்ன? அவர் சுகமாகி வீட்டை போற ஆள். பன்னிரண்டும் சரி. நேற்றே பாத்து எழுதினனீதானே? அப்பிடியே நடந்து முடிச்சிட்டு லோஞ்சுக்கு வா. நான் உனக்கும் இடம் பிடிச்சு வைக்கிறன்."

"இடம் வேண்டாம். படுக்கக் கொஞ்சம் பலகை பிடி."

இக்னேசியஸ் மூதூர்ப் பக்கத்துக் கடல்காரன். நாலு நாளைக்கு முன்னர் கடலில் நிற்கும்போது கரைப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது. படகுக்குள் குப்புற விழுந்தான். குண்டு ஒன்றும் அவனைத் தேடி வரவில்லை, ஆனால் படகின் முன்முனையில் இருந்த அணியத்துப் பலகை நெற்றியைப் பிளந்துவிட்டது. தையல் போட்டார்கள். எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. மயக்கமும் இல்லை, வாந்தியும் இல்லை. மூக்கு ஒழுகும் தடிமன் பிடித்திருந்தது. அது கடலில் நனைந்ததால் என்று அவனே சொன்னான்.

நேற்றுப் பின்னேரம் ஜெமீல் டொக்டர் வார்ட்டைச் சுற்றி வரும்போது, "நரம்பெல்லாம் பார்த்தாச்சா?" என்று கேட்டார். இராசமலர் எழுதியது அட்டையில் இருந்தது. பன்னிரண்டும் சாதாரணம். டொக்டர் நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

*

வார்ட்டில் சத்தம் குறைந்திருந்தது. காலைச் சாப்பாடு முடிந்து, மருந்து கொடுத்து முடிந்து, ஈக்கள் மட்டும் வேலை பார்த்தன. கமலாதேவி மிஸ் ஒரு கதிரையை இக்னேசியஸின் கட்டில் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்து, மேசை மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டாள். தாதியர் பள்ளிக்கு ஆசிரியர் மூன்று பேர் இருக்க வேண்டும். இப்போது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் கண்களும் இராசமலரின் கண்களைப் போலவே சிவந்திருந்தன.

"துடங்கு," என்றாள்.

இக்னேசியஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் புதுச் சாரம், தலை வாரி, நெற்றிக் கட்டுக்கு மேலே எண்ணெய் மினுங்க, புறப்படத் தயாராக இருந்தான்.

"அண்ணை, உங்கட நரம்பெல்லாம் ஒருக்காப் பாக்கப்போறன். நேற்றுச் செய்த மாதிரித்தான்."

"பாருங்கோ பிள்ளை. லோஞ்சை மட்டும் விட்டுடாதேங்கோ. மனிசி வாசல் படலையடியில வந்து நிக்கிறா."

பக்கத்துக் கட்டிலில் காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்த ஸைனுலாப்தீன் நானா சிரித்தார். அவர் கிண்ணியாக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கால் முறிந்து மூன்று கிழமையாகிறது. அவருக்கு இந்த வார்ட்டில் நடப்பதெல்லாம் நாடகம்.

"மகள், அவர்ட நரம்பில ஒண்டும் பிழையில்ல. ராவெல்லாம் குறட்டை. எனக்குத்தான் நரம்பு போச்சு."

"நானா, சோதனை நடக்குது," என்றாள் மிஸ்.

நானா வாயைப் பொத்திக்கொண்டார்.

ஓடி. முதலாவது. தட்டில் ஒரு சின்னப் போத்தலில் கோப்பித்தூள் இருந்தது. மணம் பார்க்க வைத்தது. அது எந்தக் காலத்துக் கோப்பி என்று யாருக்கும் தெரியாது. சாம்பல் நிறமாகி, மூடியைத் திறந்தால் தூசு மணம்தான் வரும். அதை யாருக்குப் பிடித்தாலும் "ஒண்டும் மணக்கேல்லை" என்பார்கள். கொஞ்சக் காலம் அப்படியே எழுதிப் பார்த்து, எல்லோருக்கும் முதலாவது நரம்பு பழுது என்று அட்டைகளில் வரத் தொடங்கியதும், வார்ட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. போத்தலைத் தொடுவதில்லை. ஊசிக்கு முன்னர் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சை மூக்கடியில் பிடிப்பார்கள். எவனும் அதைத் தெரியவில்லை என்று சொன்னதில்லை. நேற்று இராசமலரும் அதைத்தான் செய்தாள்.

இன்றும் அதைத்தான் செய்தாள். "கண்ணை மூடுங்கோ அண்ணை." வலது மூக்கை அவனே அடைத்துக்கொள்ள, இடதில் பஞ்சைப் பிடித்தாள். பிறகு மாற்றி வலதில். இரண்டு பக்கமும் அவன் முகத்தைச் சுளித்தான்.

"தெரியுதா?"

"எரியுது பிள்ளை. நேற்றும் உதுதானே."

மிஸ் ஒரு கணம் பஞ்சைப் பார்த்தாள். பிறகு குனிந்து குறித்துக்கொண்டாள். இராசமலர் மூச்சு விட்டாள். முதலாவது முடிந்தது.

ஓடி. இரண்டாவது. ஒரு கண்ணை மூடி, பழைய பத்திரிகையின் தலைப்பை வாசிக்கச் சொன்னாள். அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். மற்றக் கண். பிறகு அவன் முன்னே அதே உயரத்தில் குந்தி, "என்ர மூக்கை மட்டும் பாருங்கோ, விரல் எந்தப் பக்கம் அசையுது?" என்று கைகளை விரித்தாள். இடது. வலது. மேலே. கீழே. எல்லாம் சரியாகச் சொன்னான். "மீன் பாக்கிற கண் பிள்ளை," என்றான்.

டோர்ச்சைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து ஒவ்வொரு கண்ணிலும் அடித்தாள். கருமணிகள் ஒரே அளவு, வெளிச்சம் பட்டதும் இரண்டும் சேர்ந்து சுருங்கின. வெளிச்சத்தை உணர்வது இரண்டாவது, சுருக்குவது மூன்றாவது. இமைகள் தொங்கவில்லை. பிறகு விரலைக் காற்றில் பெரிய ஆங்கில H எழுத்தாக மெதுவாக இழுத்தாள். தலையை அசைக்காமல் அவன் கண்கள் மட்டும் பின்னால் வந்தன. மூன்று, நாலு, ஆறு ஆகிய மூன்று நரம்புகளையும் இப்படி ஒன்றாகப் பார்ப்பதால் ஆறாவதை இங்கேயே முடித்துவிடலாம். இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டாள். இல்லை.

நன்றாகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கால்களில் பாரம் இருந்தாலும் பாட்டு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. மணிக்கூட்டில் நேரம் மிச்சமிருந்தது. தூங்குது. ஐந்தாவது. முகத்தின் தொடுகை.

பஞ்சைத் திரித்து மெல்லிய நுனியாக்கினாள். "கண்ணை மூடுங்கோ. தொடேக்க ஓம் எண்டு சொல்லுங்கோ." நெற்றியில், கட்டுக்கு வெளியே, இடதும் வலதும். ஓம். ஓம். கன்னத்தில் தொட்டாள். ஓம். நித்திரையில்லாத கை. பஞ்சின் நுனி வலது மூக்கின் ஓரத்தில் உரசி உள்ளே பட்டுவிட்டது. அவன் சட்டென்று முகத்தைச் சுளித்துத் தலையைத் திருப்பினான். வலது கண்ணில் நீர் வந்தது.

அந்தச் சுளிப்பைச் சற்று முன்னர்தான் பார்த்திருந்தாள்.

களைத்த மூளையில் எண்ணங்கள் ஆழக் கிணற்றிலிருந்து வாளி வருவது போல வரும். கயிறு இழுபடுவது முதலில் தெரியும், தண்ணீர் பிறகுதான். மூக்கின் உள்ளே தொட்டால், எரிந்தால், குத்தினால் அதைச் சொல்வது ஐந்தாவது. மணத்தைச் சொல்வது முதலாவது. ஸ்பிரிட் எரிக்கும். முதலாவது செத்துப்போனவனுக்கும் ஸ்பிரிட் எரிக்கும். 'தெரியுதா' என்று அவள் கேட்டாள். 'எரியுது' என்றான் அவன். மணக்கிறது என்று அவன் நேற்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

முதலாவதை யாரும் இன்னும் பார்க்கவில்லை.

"இராசமலர்," என்றாள் மிஸ். "நேரம் போகுது."

திரும்பிப் போகக்கூடாது. தாடையில் இன்னும் ஒரு தொடுகை, பற்களை இறுக்கிக் கடிக்கச் சொல்லவேண்டும், பிறகு பாய், விரிச்சு, கதவை. எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மிஸ் கையெழுத்து வைத்த பிறகு, ஆற அமர ஒரு நல்ல கோப்பியைப் பிடித்துப் பார்க்கலாம். ஏதும் இருக்காது. தடிமன் பிடித்தவனுக்கு மணம் தெரியாதுதான். அவள் தாடையைத் தொட்டாள். அவன், "ஓம்," என்றான்.

அப்போது அவனுடைய வலது மூக்கிலிருந்து ஒரு சொட்டு மேலுதட்டில் விழுந்தது. சளி அல்ல. தண்ணீர். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர்.

"மன்னிக்கோணும் பிள்ளை," என்று அவன் வெட்கத்தோடு தலையணைக்கடியிலிருந்த லேஞ்சித் துணியை எடுத்தான். மூக்கைப் பிடித்து, பலமாகச் சீறுவதற்காக மூச்சை இழுத்தான்.

இராசமலர் அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

"சீறாதேங்கோ!"

வார்ட்டே திரும்பிப் பார்த்தது. ஸைனுலாப்தீன் நானா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன பிள்ளை, பயப்படுத்துறீங்கள்?"

"சீற வேண்டாம் அண்ணை. உள்ளுக்கும் இழுக்க வேண்டாம். சும்மா ஒழுகட்டும்." அவள் மிஸ்ஸின் பக்கம் திரும்பினாள். "மிஸ், நான் முதலாவதுக்குத் திரும்பிப் போகோணும்."

"போனா என்ன நடக்குமெண்டு தெரியும்தானே?"

"தெரியும் மிஸ். ஆனா முன்னுக்குப் போக ஏலாது. ஒன்பதாவதில தொண்டையைத் தொட்டு ஓங்காளிக்க வைக்கோணும். பத்தாவதில இருமச் சொல்லோணும். இது நான் நினைக்கிறது எண்டா, இவரை இரும வைக்கக் கூடாது."

மிஸ் எழுந்திருக்கவில்லை. மணிக்கூட்டையும் நிறுத்தவில்லை. "பார்," என்றாள்.

கோப்பி வேண்டும். தட்டிலிருந்த சாம்பலை இராசமலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நானா, உங்களிட்டக் கோப்பி இருக்கெல்லா?"

"இருக்காமலா? இந்த ஆசுபத்திரித் தேத்தண்ணியக் குடிச்சிட்டு நான் உசிரோட இருக்கிறனெண்டு நினைச்சியா மகள்?" அவர் படுத்தபடியே அலுமாரிக்குள் கையை விட்டு ஒரு தகரத்தை எடுத்தார். "வீட்டில வறுத்து இடிச்சது. முந்தநாள்தான் றுக்கியா கொண்டு வந்தா. பாதியும் தட்டிராதங்கோ."

மூடியைத் திறந்ததும் கட்டிலைச் சுற்றி மணம் பரவியது. அடுத்த வரிசையில் படுத்திருந்த ஒருவன் மூக்கை உறிஞ்சினான். கருகலும் இனிப்புமான அந்த மணம் இராசமலரின் வயிற்றைக் கிள்ளியது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

இக்னேசியஸைத் திரும்பவும் கண்களை மூடச் சொன்னாள்.

முதலில் அவள் தன் புறங்கையை அவன் மூக்கடியில் வைத்து, ஒவ்வொரு பக்கமாக அடைத்து மூச்சு விடச் சொன்னாள். இரண்டு துளையிலும் காற்று தடையில்லாமல் வந்தது. தடிமனில் அடைத்த மூக்கு இல்லை இது. பிறகு வலது துளையை அடைத்துத் தகரத்தை இடது பக்கம் பிடித்தாள்.

"ஏதும் மணக்குதா?"

அவன் யோசித்தான். "ம்... கோப்பி. கோப்பிதானே?"

"ஓம். இப்ப மற்றப் பக்கம்." இடதை அடைத்தாள். வலது பக்கத்துக்குத் தகரத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். "இப்ப?"

"வையுங்கோவன் பிள்ளை."

"வைச்சிருக்கிறன் அண்ணை."

அவன் கண்ணைத் திறந்தான். தன் மூக்குக்குக் கீழே தகரம் இருப்பதைக் கண்டான். நானாவின் முகத்தைப் பார்த்தான். நானா சிரிக்கவில்லை.

"இந்த ஒழுகல் எப்ப துடங்கினது?"

"அடிபட்ட அண்டைக்கு இரவு. தடிமன் எண்டு..."

"குனிஞ்சா கூடுதலா வருதா?"

"சாரம் கட்டக் குனிஞ்சா குழாய் திறந்த மாதிரி."

"படுக்கேக்க தொண்டைக்குள்ள இறங்குதா? என்ன ருசி?"

"உப்பு," என்றான் அவன். "நான் கடல்காரன் பிள்ளை. உப்பு ருசியைப் பற்றி ஆர் யோசிக்கிறது?"

அவள் லேஞ்சியை வாங்கிப் பார்த்தாள். நேற்று நனைந்து காய்ந்த இடங்கள் இருந்தன. சளி காய்ந்தால் துணி மொடமொடவென்று விறைக்கும். இது புதுத்துணி போல மெத்தென்று கிடந்தது. அதைக் கமலாதேவி மிஸ்ஸிடம் நீட்டினாள். மிஸ் விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள், எழுந்து நின்றாள். கையிலிருந்த மணிக்கூடு அப்போதுதான் அடித்தது. யாரும் அதை உடனே நிறுத்தவில்லை.

"டொக்டரைக் கூப்பிடு," என்றாள் மிஸ்.

*

ஜெமீல் டொக்டர் வந்தார். தலைமாட்டை உயர்த்திச் சாய்த்துப் படுக்க வைத்திருந்த இக்னேசியஸின் மூக்கடியில் இராசமலர் ஒரு துண்டுத் துணியைத் தளர்வாக வைத்திருந்தாள். மூக்குக்குள் ஒன்றையும் திணிக்கவில்லை. ஒரு சுத்தமான சின்னப் போத்தலில் சில துளிகளைப் பிடித்திருந்தாள். டொக்டர் சீனி பார்க்கும் தாளை அதில் நனைத்தார். நிறம் மாறியது.

"இது மட்டும் சாட்சி இல்லை," என்றார். "கண்ணீரிலயும் சீனி இருக்கும். ஆனா மணமும் ஒரு பக்கம் போயிருக்கு, குனிஞ்சா ஒழுகலும் கூடுது. இவ்வளவும் காணும்." அவர் இக்னேசியஸுக்கு விளங்கும்படி சொன்னார். நெற்றிக்குப் பின்னால், மூக்குக்கு மேலே மூளையைத் தாங்குகிற எலும்பு தாள் மாதிரி மெல்லியது. அது வெடித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் சில நேரம் தெரியாது. மூளையைச் சுற்றி இருக்கிற தண்ணீர்தான் ஒழுகுவது, சளியில் இல்லாத சீனி அதில் உண்டு. தண்ணீர் வெளியே வரும் வழியால் கிருமி உள்ளே போகும். மூக்கைச் சீறினால் கிருமியைக் காற்றோடு சேர்த்து உள்ளே தள்ளிவிடுவோம்.

"தானா மூடுறதும் உண்டு. மூடாட்டி ஒப்பரேஷன். எதுக்கும் ஸ்கான் வேணும், அது கண்டியிலதான். பின்னேரம் அம்புலன்ஸ் போகுது. அனுப்புவம்."

"லோஞ்ச்?" என்றான் இக்னேசியஸ்.

"லோஞ்ச் இல்லை."

டொக்டர் அட்டையைப் புரட்டினார். நேற்றைய பக்கத்தில் நின்றார். "பன்னிரண்டும் சாதாரணம். இது ஆர் எழுதினது?"

"நான் டொக்டர்."

அவர் அவளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவரும் முதல்நாள் காலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை என்பது சட்டைக் கொலரில் தெரிந்தது. "வாசிச்சுப்போட்டுப் போக விட்டது நான்," என்றார். "சரி. அனுப்புறதுக்கு முன்னம் எனக்குப் பன்னிரண்டும் திருத்தமா எழுதி வேணும். அங்க கேப்பாங்கள்."

இக்னேசியஸின் மனைவி இன்பமலர் படலையடியிலிருந்து பையோடு உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பையைக் கட்டிலில் போட்டாள்.

"கண்டியா? உவர் கண்டிக்குப் போனா வலை? பிள்ளையள்?" பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "தடிமன் தடிமன் எண்டு நேற்று முழுக்கச் சீறிக்கொண்டே இருந்தீங்களேப்பா."

"எனக்கென்ன தெரியும்? கெட்டிக்காரியள் எல்லாம் சரியெண்டு எழுதினவை," என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "வீட்டை போற மனிசனைப் பிடிச்சுக் கிடத்தினா எல்லாம் சரி வருமாக்கும்."

இராசமலர் அவன் மூக்கடியில் நனைந்திருந்த துணியை மாற்றினாள்.

மிஸ் அவளை விறாந்தைக்குக் கூப்பிட்டாள். வெளியே வேலியில் காகங்கள் கத்தின. தூரத்தில் கடற்படையின் காவற்படகு ஒன்றின் இயந்திரச் சத்தம் வந்து போனது.

"நீ அஞ்சாவதில நிண்டிட்டாய்," என்றாள் மிஸ். "அஞ்சும் முடியேல்லை. பல்லைக் கடிக்கச் சொல்லேல்லை."

"ஓம் மிஸ்."

"ஸ்பிரிட்டைப் பிடிக்கேக்க நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். குறிச்சும் போட்டன். வகுப்பில கோப்பி எண்டு படிப்பிக்கிறன், வார்ட்டில அதைக் காணாத மாதிரி இருக்கிறன். அந்தப் போத்தலை இண்டைக்கே குப்பையில போடுறன்." அவள் கண்ணைக் கசக்கினாள். "ஆனா இராசமலர், பாக்காததைப் பாத்ததெண்டு எழுதினதாலதான் அந்த மனிசன் வீட்டை போகப் பாத்தது. இப்ப உனக்கு நான் பன்னிரண்டும் பாத்தாள் எண்டு எழுதினா, அதுவும் அதேதான்."

இராசமலர் அதை எதிர்பார்த்துத்தான் நின்றாள். இருந்தாலும் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். எதிர்த்துக் கதைக்கக்கூட உடம்பில் பலம் இல்லை. மிஸ் சொன்னதில் பிழையும் இல்லை.

"அடுத்தது எப்ப மிஸ்?"

"ரெண்டு கிழமை. அந்த வாரம் உனக்கு இராக்கடமை போடாமல் பாக்கிறன். அது மட்டும்தான் என்னால ஏலும்."

"லீவு?"

"சித்தி எண்டாத்தான் லீவு. உனக்குத் தெரியும்."

சீலா வாசலில் பெட்டியோடு வந்து நின்றாள். இருவருடைய முகத்தையும் பார்த்ததும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. "அம்மாவுக்கு என்ன சொல்ல?" என்று மட்டும் கேட்டாள். சீலாவின் வீடு மூதூரில். வெருகலுக்குப் போகும் யாரிடமாவது சொல்லி அனுப்பலாம்.

"அடுத்த மாதம் வாறன் எண்டு சொல்லு. நல்லா நித்திரை கொள்ளுறன் எண்டும் சொல்லு."

"பொய் சொன்னா அம்மாவுக்குத் தெரியும்."

"அப்ப ரெண்டாவதை விடு."

சீலா அவளுடைய தோளை ஒருமுறை அமத்திவிட்டுப் போனாள். சோதனைச் சாவடியைத் தாண்ட நேரம் எடுக்கும், நிற்க முடியாது.

இராசமலர் முகத்தைக் கழுவினாள். தண்ணீர் வெந்நீர் போல இருந்தது. பிறகு புது அட்டை ஒன்றையும் பஞ்சையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு திரும்பவும் அந்தக் கட்டிலுக்குப் போனாள். டொக்டர் கேட்ட பன்னிரண்டும் எழுதி முடிக்கவேண்டும். இனிமேல் இதற்கு மணிக்கூடும் இல்லை, புள்ளியும் இல்லை.

இக்னேசியஸ் அவளைப் பார்க்கவில்லை. இன்பமலர் கால்மாட்டில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, மிச்சத்தையும் பாக்கோணும். அங்க போனா இதைத்தான் முதல் கேப்பினம்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஆனால் பற்களைக் கடிக்கச் சொன்னபோது கடித்தான். இரண்டு பக்கத்துத் தாடைத் தசையும் அவள் விரலடியில் ஒரே மாதிரி இறுகின. புருவத்தை உயர்த்தச் சொன்னாள். கட்டுக்குக் கீழே வலித்திருக்க வேண்டும், இருந்தாலும் உயர்த்தினான். கண்களை இறுக்கி மூடச் சொல்லி, விரலால் திறக்கப் பார்த்தாள். திறக்க முடியவில்லை. பல்லைக் காட்டச் சொன்னாள். கன்னத்தை ஊதச் சொல்லவில்லை, காற்று மேலே தள்ளும் என்று அதை விட்டாள். விட்டதை அட்டையில் எழுதினாள்.

காதுக்குப் பின்னால் விரல்களை உரசினாள். இரு பக்கமும் கேட்டது. இசைக்கவையைத் தட்டிக் காதடியில் பிடித்தாள். "வண்டு மாதிரி," என்றான். கண்டிக்கு என்று கேட்ட பிறகு அவளோடு பேசிய முதல் நல்ல சொல் அது.

"வாயைத் திறந்து ஆ எண்டு சொல்லுங்கோ. மெதுவா." உள்நாக்கு நடுவில் நேராக எழும்பியது. ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னாள். இருமவோ ஓங்காளிக்கவோ வைக்கவில்லை. அதையும் ஏன் என்று எழுதினாள். தோள்களை உயர்த்தச் சொல்லிக் கையால் அமத்தினாள். வலை இழுக்கிற தோள், அவளுடைய இரண்டு கையும் சேர்ந்து அதை அசைக்க முடியவில்லை. தலையைத் திருப்பி அவளுடைய உள்ளங்கைக்கு எதிராக, மெதுவாக, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

துறைமுகப் பக்கம் லோஞ்சின் ஊதல் கேட்டது. இன்பமலர் விசிறுவதை நிறுத்தினாள்.

"இனி ஒண்டுதான்," என்றாள் இராசமலர். "நாக்கை நீட்டுங்கோ அண்ணை."

கோபம் வந்த பிறகு அவன் அவளை முதன்முறையாக நேரே பார்த்தான். பிறகு நாக்கை நீட்டினான். வேண்டிய அளவுக்கு மேலேயே, தாடை வரைக்கும், நன்றாக நீட்டி, அப்படியே வைத்திருந்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். இடமும் சாயவில்லை, வலமும் சாயவில்லை. நடுக்கமும் இல்லை.

"காணும் அண்ணை. உள்ளுக்கு எடுங்கோ."

"இதைத்தான் பிள்ளை காலமையிருந்து உங்களுக்குச் செய்ய நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றான் இக்னேசியஸ்.

பக்கத்துக் கட்டிலில் ஸைனுலாப்தீன் நானா குலுங்கிச் சிரித்தார், காலைக் கட்டிய கயிறு ஆடியது. இன்பமலர், "வெக்கங்கெட்ட மனிசன்," என்று தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இராசமலருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அது முகத்துக்கு வந்து சேர நேரம் எடுத்தது. அதற்குள் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். மாணவிகள் நோயாளியின் கட்டிலில் உட்காரக்கூடாது. இக்னேசியஸ் காலை ஒதுக்கி இடம் விட்டான். அவள் அட்டையை மடியில் வைத்துப் பேனையைத் திறந்தாள். முதலாவது, வலது பக்கம், மணம் இல்லை என்று எழுதத் தொடங்கினாள்.